கரப்பான் ஸ்ப்ரே, தவழும் குழந்தை, ஒரு பூனை

கேள்வி: எங்கள் சமையலறையில் கரப்பான் தொல்லை தாங்க முடியவில்லை. ராத்திரி விளக்கைப் போட்டால் அடுப்புக்குப் பின்னாலிருந்து சின்னச் சின்னதாகப் பத்துப் பதினைந்து ஓடுகின்றன. ஸ்ப்ரே டப்பா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பின்பக்கம் 'இமிப்ரோத்ரின் 0.07%, சைபர்மெத்ரின் 0.2%' என்று போட்டு, கீழே பொடி எழுத்தில் என்னென்னவோ எழுதியிருக்கிறது. பையனுக்குப் பத்து மாதம், வீடு முழுக்கத் தவழ்கிறான். பூனை ஒன்று உண்டு. கூடத்தில் மீன்தொட்டியும் இருக்கிறது. அடித்துவிட்டு வாடை போனதும் அவனை இறக்கிவிடலாமா? "இதெல்லாம் தண்ணி மாதிரி; தோட்டத்து மருந்தில் ரெண்டு மூடி ஊற்றிக் கலந்து அடிம்மா, ஒரேயடியாக ஒழியும்" என்கிறார் மாமா (என் மாமனார்). அந்த பாட்டிலில் 'சைபர்மெத்ரின் 25% ஈ.சி.' என்று இருக்கிறது. எதை நம்புவது?

பதில்:

முதலில் அந்த பாட்டிலைத் தோட்டத்துப் பக்கமே, பூட்டுப் போட்ட இடத்தில் வைத்துவிடுங்கள். வீட்டுக்குள் அதற்கு வேலை இல்லை. டப்பாவையும் சமையலறையில் இப்போதைக்கு அடிக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பொருத்தமானது வேறொன்று இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிடலாம். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

டப்பாவின் முன்பக்கம் விற்பதற்காக எழுதியது. 'உடனடிக் கொல்லி', 'இனிய மணம்', 'குடும்பத்துக்கு ஏற்றது' என்பவை அங்கே இருக்கும். படிக்க வேண்டியது பின்பக்கம். அதிலும் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு இடங்கள்: உள்ளே என்ன இருக்கிறது என்ற வரி, எங்கே பயன்படுத்தலாம் என்ற பத்தி. பெரும்பாலோர் முதலாவதில் சதவீதத்தை மட்டும் பார்ப்பார்கள், இரண்டாவதைப் படிப்பதே இல்லை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரியது.

உங்கள் டப்பாவில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. இரண்டும் பைரித்ராய்டு என்ற ஒரே குடும்பம், ஆனால் வேலை வேறு. இமிப்ரோத்ரின் பட்டதும் பூச்சியைச் சுருட்டிப் போட்டுவிடும், சீக்கிரம் வலுவிழந்தும் போகும். கரப்பான் கண்முன்னே மல்லாந்து விழுவது அதனால்தான். சைபர்மெத்ரின் அப்படியில்லை. அது அடித்த இடத்தில் படிந்து தங்குவதற்காகச் சேர்த்தது. பிறகு அந்த வழியாக நடக்கும் பூச்சியும் சாக வேண்டும் என்பதுதான் நோக்கம். வெயில் படும் இடத்தில் அது வேகமாகச் சிதையும். வீட்டுக்குள், அலமாரிக்கு அடியில், இருட்டு மூலையில் வாரக்கணக்கில் இருக்கும்.

இப்போது வாடை விஷயத்துக்கு வருவோம். நீங்கள் முகர்வது மருந்தைக் கரைத்திருக்கும் திரவத்தையும், பீய்ச்சும் வாயுவையும், சேர்த்த வாசனையையும்தான். அவை ஆவியாகிப் போய்விடும். சைபர்மெத்ரின் அநேகமாக ஆவியாவதே இல்லை. அதனால் வாடை போய்விட்டது என்றால் காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம், தரை சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பெரியவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, நாம் தரையை நக்குவதில்லை. தவழும் குழந்தைக்கு உள்ளங்கை, முழங்கால் எல்லாம் தரையில்தான் இருக்கின்றன. அந்தக் கை நிமிடத்துக்கொரு தரம் வாய்க்குப் போகிறது. எடையும் நம்மில் ஏழில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோதான், ஆக அதே துளி மருந்து அவனுக்குப் பல மடங்கு.

இனி 'எங்கே பயன்படுத்தலாம்' என்ற பத்தி. ஊர்ந்து செல்லும் பூச்சிகளுக்கான டப்பாக்களில் பொதுவாக 'விரிசல்களிலும் இடுக்குகளிலும்', 'பூச்சி ஒளியும் இடங்களில்' என்ற மாதிரி எழுதியிருக்கும். அது பேச்சுக்கு எழுதியதல்ல. சுவரும் அலமாரியும் சேரும் கோடு, குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டை, அலமாரிக் கீலுக்குப் பின்னால் என்று அர்த்தம். தரை முழுக்கத் தெளிப்பது, அறையின் நடுவில் நின்று காற்றில் அடிப்பது இரண்டும் அந்த அனுமதிக்குள் வராது. பறக்கும் பூச்சிகளுக்கான டப்பா வேறு, அதன் துளி மிகப் பொடியாக இருந்து காற்றில் மிதக்கும். இதன் துளி கனமானது. காற்றில் அடித்தால் நேராக மேடையிலும் தட்டிலும் தரையிலும்தான் வந்து இறங்கும்.

லேபிளில் நிறப் பட்டையோ எச்சரிக்கைச் சொல்லோ இருந்தால் அதையும் பாருங்கள், ஆனால் அது சொல்வது ஒரே ஒரு செய்திதான். விழுங்கினாலோ தோலில் பட்டாலோ மனிதருக்கு உடனடியாக எவ்வளவு ஆபத்து என்பதைத் தாண்டி அது எதுவும் சொல்லாது. பூனைக்கும் மீனுக்கும் என்ன ஆகும் என்பது அந்தப் பட்டையில் இருக்காது. அதற்குப் பொடி எழுத்துக்குள்தான் போக வேண்டும்: 'நீர்வாழ் உயிர்களுக்கு மிகுந்த நச்சு' என்ற வரியைத் தேடுங்கள், பைரித்ராய்டு லேபிள்களில் அது பெரும்பாலும் இருக்கும்.

சரி, மாமா சொல்வதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். அவரிடம் சண்டை போடுவதைவிட இது சுலபம். 25% என்றால் 100 மில்லியில் 25 கிராம் சைபர்மெத்ரின். மூடி ஒன்றுக்குப் பத்து மில்லி என்று வைத்துக்கொண்டால் இரண்டு மூடிக்கு 20 மில்லி, அதாவது 5 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் 0.5% கரைசல். உங்கள் டப்பாவில் இருப்பது 0.2%. இரண்டரை மடங்குதானே என்று அவர் கேட்கலாம். அளவையும் பார்க்க வேண்டும். நடுத்தர டப்பா முழுவதையும் காலி செய்தாலும் வீட்டுக்குள் இறங்கும் சைபர்மெத்ரின் ஒரு கிராம்கூட இருக்காது. அதுவும் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக. மாமாவின் கரைசல் ஒரே மாலையில் 5 கிராம். மூடியும் எல்லா பாட்டிலிலும் ஒரே அளவு கிடையாது. சிலவற்றில் 20 மில்லிக்கு மேலும் பிடிக்கும், அப்போது இந்தக் கணக்கு இரண்டு மடங்காகிவிடும்.

அதைவிட முக்கியமானது 'ஈ.சி.' என்ற இரண்டு எழுத்து. தண்ணீரில் கரையாத மருந்தைப் பெட்ரோலிய எண்ணெயில் கரைத்து, தண்ணீரோடு சேரும்படி செய்த வடிவம் அது. தண்ணீரில் ஊற்றியதும் வெள்ளையாகத் திரளுமே, அது இதனால்தான். திறந்த வெளியில், செடிமேல் அடிப்பதற்கென்று செய்தது. மூடிய வீட்டுக்குள் அந்த எண்ணெய் ஆவியையும் சேர்த்து நீங்கள் சுவாசிக்கிறீர்கள். அந்த பாட்டில் லேபிளில் பயிர்களின் பெயர்கள் இருக்கும், சமையலறை இருக்காது. லேபிளில் இல்லாத இடத்துக்கு யாரும் அளவு சோதித்துச் சொல்லவில்லை. அதனால் 'கொஞ்சமாக அடித்தால் பரவாயில்லையா' என்ற கேள்விக்கும் பதில் கிடையாது.

அப்புறம், அதிகமாக அடித்தால் அதிகமாகச் சாகும் என்பதும் கரப்பான் விஷயத்தில் தவறு. பைரித்ராய்டு கரப்பானை விரட்டும். இடுக்கில் கனமாக அடித்தால் பாதி செத்து, மீதி பக்கத்து அலமாரிக்கும் அடுத்த அறைக்கும் குடிபெயரும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களிடம் இருப்பது சின்ன வகை என்று தோன்றுகிறது. தலைக்குப் பின்னால், முதுகின் முன்பகுதியில் இரண்டு கருங்கோடுகள் இருக்கிறதா என்று ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். இருந்தால் ஜெர்மன் கரப்பான். பைரித்ராய்டுக்குப் பழகி எதிர்ப்பு வளர்த்துக்கொண்டதில் அதற்கு உலகம் முழுக்கப் பெயர் உண்டு. முட்டைக்கூட்டின் ஓட்டுக்குள் ஸ்ப்ரே சரியாகப் போவதும் இல்லை. இதெல்லாம் சேர்ந்துதான் 'நல்லா அடிச்சேன், பத்து நாளில் மறுபடி வந்துடுச்சு' என்ற புலம்பல்.

அதனால் நான் சொல்வது ஜெல். ஊசிக்குழாய் போன்ற குழலில் வரும். ஃபிப்ரோனில் 0.05% என்றோ வேறு பெயரிலோ இருக்கும். கரப்பான் அதைத் தின்றுவிட்டுக் கூட்டுக்குப் போய்ச் சாகும். அதன் கழிவையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும். ஒரு புள்ளி மிளகளவு போதும், எடையில் சுமார் 0.1 கிராம். அதில் ஃபிப்ரோனில் 0.05 மில்லிகிராம்தான். தரையில் படிவதும் கிடையாது, காற்றில் கலப்பதும் கிடையாது. ஆனாலும் அது நஞ்சுதான். அதனால் இடம் பார்த்து வைக்க வேண்டும்: அலமாரிக் கதவுக் கீலின் உள்பக்கம், இழுப்பறையை வெளியே எடுத்தால் தெரியும் பின்மூலை, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் சுவரைத் தொடும் இடத்தின் மேற்பக்கம், குளிர்பெட்டியின் மோட்டார் பக்கம். குழந்தையின் விரலும் பூனையின் நாக்கும் எட்டாத இடமாக இருக்க வேண்டும். உணவு படும் பரப்பில் வைக்கக் கூடாது. ஒரே இடத்தில் பெரிய உருண்டையாக வைக்காமல் பல இடங்களில் சின்னச் சின்னதாக வையுங்கள். எத்தனை புள்ளி என்பது உங்கள் குழலின் லேபிளில் இருக்கும்.

இங்கே ஒரு கண்டிப்பு: ஜெல் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். ஸ்ப்ரே வாடை பட்ட ஜெல்லைக் கரப்பான் தொடாது. ஏற்கெனவே அடித்துவிட்ட இடமாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு வையுங்கள். இரண்டும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டுமே பலிக்காமல் போவது இதனால்தான். முதல் இரண்டு மூன்று நாளில் பகலிலும் தள்ளாடும் கரப்பான்கள் வெளியே வரும், பயப்பட வேண்டாம், வேலை செய்கிறது என்று அர்த்தம். அவற்றை உடனுக்குடன் கூட்டி எடுத்துவிடுங்கள், பூனைக்கு அது விளையாட்டாகிவிடக் கூடாது. இரண்டு வாரத்தில் எண்ணிக்கை நன்றாகக் குறைய வேண்டும். குறையவில்லை, ஜெல் மட்டும் தின்னப்பட்டுக்கொண்டே இருக்கிறது என்றால் வேறு மூலப்பொருள் உள்ள ஜெல்லுக்கு மாறுங்கள். ஜெல் தொடப்படாமலே காய்ந்து கிடக்கிறது என்றால் வைத்த இடம் தவறு, அல்லது ராத்திரி மேடையில் அதைவிட ருசியாக ஏதோ கிடக்கிறது.

வாங்கிய டப்பாவை என்ன செய்வது? ஜெல் இல்லாத இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். குளியலறைக் குழாய் சுவரில் நுழையும் ஓட்டை, பின்கதவு நிலைக்கும் தரைக்கும் நடுவில் உள்ள விரிசல் மாதிரி. அங்கே அடிக்கும் நாளில் இப்படிச் செய்யுங்கள். குழந்தையும் பூனையும் முதலில் வேறு அறைக்கு, முடிந்தால் வீட்டுக்கு வெளியே போகட்டும், கூடவே ஒருவரும். விளையாட்டுச் சாமான், பால் புட்டி, பூனையின் தட்டு, துண்டு, பல் துலக்கி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். அடுப்பு, ஊதுவத்தி, விளக்கு எதிலும் நெருப்பு இருக்கக் கூடாது. பல டப்பாக்களில் மருந்தைப் பீய்ச்சித் தள்ளுவது சமையல் வாயு இனம்தான், 'எளிதில் தீப்பற்றும்' என்ற படம் அதற்காகத்தான். மீன்தொட்டிக்குக் காற்று அடிக்கும் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் அனுப்புகிறது. அதை நிறுத்தி, தொட்டியை மூடி, ஓரங்களை ஈரத்துணியால் அடைத்து, இடைக்கதவையும் சாத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் சில மைக்ரோகிராம் பைரித்ராய்டு போதும், மீன் செத்து மிதக்க. பம்ப் ரொம்ப நேரம் நின்றாலும் மீனுக்கு ஆகாது, ஆகவே தொட்டி இருக்கும் பக்கம் காற்று சுத்தமானதும் முதல் வேலையாக அதைப் போடுங்கள்.

டப்பாவோடு வரும் மெல்லிய குழாயை முனையில் செருகி, அதை இடுக்குக்குள் விட்டு, ஒன்றிரண்டு விநாடி மட்டும் அழுத்துங்கள். வெளியே வழிந்தால் நீங்கள் அதிகமாக அடித்துவிட்டீர்கள். வழிந்ததைக் கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்து, துணியைத் தூக்கிப் போடுங்கள். சாக்கடைத் துவாரத்துக்குள் அடிக்க வேண்டாம், அந்தத் தண்ணீர் எங்கோ ஒரு குளத்துக்கோ ஆற்றுக்கோதான் போகிறது. லேபிள் சொல்லும் நேரம் கதவைச் சாத்தி வையுங்கள், பிறகு ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். உள்ளே மறுபடி எப்போது போகலாம் என்பதும் அங்கேயே இருக்கும். 'காய்ந்த பிறகு' என்று மட்டும் எழுதியிருந்தால் பெரியவர்களுக்கு அது சரி. தவழும் குழந்தை உள்ள வீட்டில் காய்ந்து, காற்றோட்டம் விட்டு, பக்கத்துத் தரையைச் சோப்புப் போட்டுத் துடைத்து, அது உலர்ந்த பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலறையில் ஏற்கெனவே அடித்திருக்கிறீர்களோ என்று ஒரு சந்தேகம். அப்படியானால் மேடை, வெட்டும் பலகை, வெளியே கிடந்த பாத்திரம் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். மூடாமல் இருந்த உணவின்மேல் பட்டிருந்தால் அதைக் கழுவியோ சூடாக்கியோ காப்பாற்றப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

உணவு என்றதும் தோட்டம் ஞாபகம் வருகிறது. மாமாவின் பாட்டில் லேபிளில் ஒவ்வொரு பயிருக்கும் எதிரே 'அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாள்' என்று ஒரு எண் இருக்கும். கடைசியாக அடித்த நாளிலிருந்து அத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும். அந்த எண் பயிருக்குப் பயிர் மாறும், ஒன்றுக்குச் சொன்னது இன்னொன்றுக்கு ஆகாது. வீட்டுக்குப் பறிக்கும் காய்கறியின் பெயரே பட்டியலில் இல்லை என்றால் அதில் அந்த மருந்தை அடிக்கக் கூடாது. இதை அவரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

பூனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பைரித்ராய்டை உடைத்து வெளியேற்றும் வேலையில் பூனையின் ஈரல் மிகவும் பின்தங்கியது. நாயும் மனிதரும் சமாளிக்கும் அளவு அதற்குத் தாங்காது. மோசமானது பெர்மெத்ரின். நாய்க்கான சில உண்ணிச் சொட்டு மருந்துகளில் இது பாதிக்குப் பாதிகூட இருக்கும், அதில் சில சொட்டுப் பூனையின் முதுகில் விட்டாலே உயிருக்கு ஆபத்து. உங்கள் டப்பா அவ்வளவு கெட்டியானதல்ல. ஆனாலும் ஈரமான இடத்தில் நடந்து பாதத்தை நக்கினால் எச்சில் ஒழுகும், காது துடிக்கும், தோல் சிலிர்க்கும், பிறகு உடல் நடுங்கும். நடுக்கம் தெரிந்தால் நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துவட்டி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். நடுக்கம் பலமாக இருந்தால் குளிப்பாட்டிக்கொண்டிருக்காமல் நேராகக் கிளம்பிவிடுங்கள்.

குழந்தைக்கு ஏதாவது பட்டுவிட்டால்: தோலில் என்றால் உடையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் என்றால் சுத்தமான தண்ணீரை மெல்ல ஊற்றிப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், அழுதாலும் நிறுத்தாதீர்கள். அடிக்கும்போது உங்கள் முகத்தில் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுப்போ எரிச்சலோ வந்தால் அது பைரித்ராய்டு தோலில் பட்டதன் அடையாளம், கழுவிவிடுங்கள், அநேகமாக ஒரு நாளுக்குள் தானே போய்விடும். வாய்க்குள் போய்விட்டது என்றால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலை விடுவது, உப்புத் தண்ணீர் கொடுப்பது எதுவும் வேண்டாம். மருந்தைக் கரைத்திருக்கும் எண்ணெய் வாந்தியோடு நுரையீரலுக்குள் இறங்கினால் அது மருந்தைவிடப் பெரிய கெடுதல், மாமாவின் பாட்டில் போன்றவற்றில் இன்னும் அதிகமாக. வாயைத் துடைத்துவிட்டு நச்சுத் தகவல் மையத்தையோ மருத்துவமனையையோ கூப்பிடுங்கள். போகும்போது டப்பாவையும் கையில் எடுத்துப் போங்கள். எந்த மருந்து, எத்தனை சதவீதம் என்பதுதான் அங்கே முதலில் கேட்கும் கேள்வி. மருத்துவருக்கென்றே லேபிளில் எழுதிய பத்தி ஒன்றும் இருக்கும். இப்போதே செல்போனில் அந்தப் பின்பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், பாட்டிலுடையதையும் சேர்த்து.